கொழுப்பு மாத்திரை சாப்பிட்டும் கால்சியம் ஸ்கோர் 112இலிருந்து 163: மாத்திரை வேலை செய்யவில்லையா?

சேலத்துக்காரன் | 4 மார்ச் 2024, இரவு 9.15

எனக்கு 56 வயது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவும் கிடையாது. சர்க்கரை இல்லை, சிகரெட்டும் இல்லை. அப்பா 54 வயதில் அட்டாக்கில் போனவர். அந்தப் பயத்தில் 2020 நவம்பரில் இதயக் கால்சியம் ஸ்கோர் சிடி எடுத்தேன். 112 வந்தது. டாக்டர் ரோசுவாஸ்டாட்டின் 10 எழுதிக் கொடுத்தார், விடாமல் சாப்பிட்டு வருகிறேன். எல்.டி.எல். 148இலிருந்து 66க்கு இறங்கிவிட்டது. எடையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

போன மாதம் வேறொரு சென்டரில் மறுபடி எடுத்தேன். 163. ரிப்போர்ட்டைக் கொடுத்த பையன் "கூடியிருக்கு சார், டாக்டரைப் பாருங்க" என்றான். எங்கள் டாக்டர் ஊரில் இல்லை.

இதயக் குழாய் நான்குக்கும் தனித்தனியாகப் போட்டிருந்தது இது.

2020: எல்.ஏ.டி. 84, ஆர்.சி.ஏ. 22, சர்க்கம்ஃப்ளெக்ஸ் 6, லெஃப்ட் மெயின் 0.
2024: எல்.ஏ.டி. 118, ஆர்.சி.ஏ. 31, சர்க்கம்ஃப்ளெக்ஸ் 14, லெஃப்ட் மெயின் 0.

கொழுப்பு பாதிக்கும் கீழே போயிருக்கிறது, ஸ்கோர் மட்டும் ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. அப்படியானால் இந்த மாத்திரை எனக்கு என்னதான் செய்தது?

ஓய்வு ஆசிரியர் | 4 மார்ச், இரவு 10.02

கால்சியம் என்று அதன் பெயரிலேயே இருக்கிறதே. பால், தயிர், ராகி, முட்டிவலிக்குச் சாப்பிடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சாப்பிடுவதுதான் ரத்தத்தில் போய்க் குழாயில் படிகிறது. என் சம்பந்திக்கு டயாலிசிஸ் நடக்கிறது, அவருக்கு டாக்டரே கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் அளந்துதான் கொடுக்கிறார். குழாய் முழுக்கச் சுண்ணாம்பாகிவிட்டது என்றார்கள்.

கொங்கு மாமா | 5 மார்ச், காலை 6.40

எல்.ஏ.டி.யில் 118 என்றால் அடைப்பு நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டதா? எனக்கு அதே குழாயில் 70 சதவீதம் என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். தம்பி, தள்ளிப்போடாமல் ஆஞ்சியோ எடுத்துவிடுங்கள். ஆனால் கிரியேட்டினின் பார்த்துவிட்டுத்தான் மருந்து ஏற்றச் சொல்ல வேண்டும், எனக்கு அதில் பெரிய தொந்தரவு ஆனது.

சேலத்துக்காரன் | 5 மார்ச், காலை 7.05

மாமா, எனக்கு ஊசி, மருந்து எதுவும் போடவில்லை. படுக்க வைத்து நெஞ்சில் ஈசிஜி ஒயர் ஒட்டினார்கள், மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், சில நொடியில் முடிந்துவிட்டது. சதவீதம் என்று ரிப்போர்ட்டில் எங்கும் இல்லை. அந்த 118 எதன் அளவு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சிடி அறை | 5 மார்ச், மதியம் 2.30

சிடி டெக்னாலஜிஸ்டாக இருக்கிறேன், தினமும் செய்கிற வேலை இது. அந்த எண் எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

இது அடைப்புச் சதவீதம் இல்லை. மருந்து ஏற்றாமல் எடுக்கிற படத்தில் ரத்தமும் குழாய்ச் சுவரும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். உள்ளே வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்று அந்தப் படத்தில் பார்க்கவே முடியாது. குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பு கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புக்கு நடுவே சாம்பல் கோடாகக் குழாய் ஓடும், கோட்டின் மேல் அங்கங்கே வெள்ளைப் பொட்டு தெரியும். அந்தப் பொட்டுதான் கால்சியம்.

சிடியில் ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்துக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற அளவு உண்டு. தண்ணீருக்கு 0. 130க்கு மேல் இருக்கிற எல்லாவற்றுக்கும் சாஃப்ட்வேரே ஒரு நிறம் பூசிவிடும். விலா எலும்பு, முதுகெலும்பு எல்லாம் நிறமாகிவிடும். நாங்கள் ஒவ்வொரு படமாக நகர்த்தி, இதயக் குழாயில் இருக்கிற பொட்டை மட்டும் கிளிக் செய்து, இது எல்.ஏ.டி., இது ஆர்.சி.ஏ. என்று பிரித்துக் கொடுக்கிறோம்.

பிறகு கணக்கு. பொட்டின் பரப்பளவை எடுத்து, அதில் மிகப் பிரகாசமான புள்ளியைப் பார்த்து ஒன்றிலிருந்து நான்கு வரை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். உச்சம் 130 முதல் 199 வரை என்றால் 1, இருநூறுகளில் 2, முந்நூறுகளில் 3, 400ஐத் தொட்டால் 4. எல்லாப் படத்திலும் எல்லாப் பொட்டுக்கும் இதைச் செய்து கூட்டினால் ஸ்கோர். அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க இதய மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1990இல் வெளியிட்ட முறை இது, இன்றும் அதேதான் நடக்கிறது.

இப்போது பாருங்கள். ஒரு பொட்டு 5 சதுர மி.மீ., உச்சம் 390. ஸ்கோர் 15. அதே பொட்டு அளவில் கொஞ்சமும் வளராமல் உச்சம் மட்டும் 405 ஆனால் ஸ்கோர் 20. நோய் பரவவில்லை, எண் மட்டும் ஏறிவிட்டது. உங்களைப் போல ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

சேலத்துக்காரன் | 5 மார்ச், இரவு 8.50

இதைப் படித்த பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. பொட்டுகள் பெருகினவா, பழைய பொட்டுகள் இறுகினவா என்பதுதான் தெரிய வேண்டும். ரிப்போர்ட்டில் அதைப் பிரித்துச் சொல்ல வழி இருக்கிறதா?

இன்னொன்றும் உறுத்துகிறது. பிரகாசம் கூடினால் ஸ்கோர் கூடும் என்றால், அதிகப் பிரகாசம் அதிக ஆபத்து என்று நினைத்துத்தானே இந்த முறையை வைத்திருப்பார்கள்?

நாகர்கோவில் டாக்டர் | 6 மார்ச், காலை 5.55

பொது மருத்துவர் நான், இதய நிபுணர் இல்லை. ஆசிரியர் ஐயாவுக்கு முதலில்.

சாப்பிடுகிற கால்சியம் நேராகக் குழாயில் போய் ஒட்டுவதில்லை. ரத்தத்தில் கால்சியம் அளவை உடம்பு மிகக் குறுகலான வரம்புக்குள் வைத்திருக்கிறது. இங்கே படிவது அந்த இடத்தில் நடக்கிற நோயால். எல்.டி.எல். குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. அதை விழுங்க வந்த செல்கள் கொழுப்பு நிறைந்து அங்கேயே செத்துப்போகின்றன. அந்தச் சிதைவில்தான் முதல் கால்சியத் துகள்கள் உருவாகின்றன. சுவரில் இருக்கிற தசைச் செல்களில் சில, எலும்பு கட்டும் செல்கள் மாதிரி நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. முதலில் வரும் துகள்கள் சிடியில் தெரியாத அளவுக்குப் பொடியானவை. அவை சேர்ந்து கட்டியானால்தான் வெள்ளைப் பொட்டு. ஆக, பொட்டு என்பது பல வருடமாக அங்கே நோய் இருந்து வருகிறது என்பதற்கு அடையாளம். பாலையும் ராகியையும் நிறுத்தி இதை மாற்ற முடியாது.

ஆனால் சிறுநீரக நோயாளிகளைப் பற்றி ஐயா சொன்னது உண்மை. அவர்களுக்குக் கால்சியம், பாஸ்பரஸ் சமநிலை கெட்டு, குழாய்ச் சுவரின் நடு அடுக்கிலும் படிகிறது. அது வேறு கதை. பெரிய அளவில் கால்சியம் மாத்திரை சாப்பிடுவது நல்லதா என்பதிலும் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மூட்டுக்கு என்று தானாக வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு முறை டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

சேலத்தாருக்கு: பிரகாசத்தைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. 1990இல் அப்படித்தான் நினைத்தார்கள். 2014இல் அமெரிக்காவின் மெசா ஆய்வுக் குழு கன அளவையும் அடர்த்தியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. மொத்தக் கால்சியத்தின் கன அளவு கூடக் கூட அட்டாக் கூடியது. ஆனால் ஒரே கன அளவு உள்ளவர்களுக்குள் ஒப்பிட்டால், அடர்த்தி கூடியவர்களுக்கு அட்டாக் குறைவு. அதாவது ஸ்கோர் எந்த இடத்தில் நான்கால் பெருக்குகிறதோ, அந்தக் கட்டி இறுகிய பொட்டுதான் ஒப்பீட்டளவில் அமைதியானது. வெடிக்கக்கூடியது பெரும்பாலும் மெல்லிய மூடிக்குக் கீழே கொழகொழவென்று கொழுப்பு உள்ள படிவு.

காவிரிக்கரை | 6 மார்ச், காலை 11.20

இவ்வளவு பேசுகிறீர்கள், என் கணவர் கதையைக் கேளுங்கள். 43 வயது, சிகரெட் பிடிப்பார். மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஒரு இறுக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் கால்சியம் ஸ்கோர் எடுத்துவிட்டு, ஸ்கோர் 0, இதயம் சுத்தம், இது கேஸ்தான் என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் நிம்மதியாக சிகரெட்டைத் தொடர்ந்தார். ஆறு மாதத்துக்குள் ஒரு விடியற்காலையில் அட்டாக். ஆஞ்சியோவில் எல்.ஏ.டி. முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அந்தப் பூஜ்யம் மட்டும் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே வேறு டாக்டரிடம் போயிருப்போம். எனக்கு இந்த டெஸ்ட் மீது துளியும் நம்பிக்கை இல்லை.

நாகர்கோவில் டாக்டர் | 6 மார்ச், மதியம் 1.10

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. அவருக்கு அந்த டெஸ்டையே முதலில் எடுத்திருக்கக் கூடாது. ஸ்கோர் என்பது தொந்தரவு ஏதும் இல்லாத நடுத்தர வயதுக்காரருக்கு, மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவுவது. படியேறினால் நெஞ்சு இறுகுகிறது என்று ஒருவர் சொன்னால் கேள்வியே வேறு. ஈசிஜி, டிரெட்மில், தேவைப்பட்டால் மருந்து ஏற்றிய சிடி ஆஞ்சியோ என்று போக வேண்டும்.

நாற்பதுகளின் தொடக்கத்தில் படிவு பெரும்பாலும் இன்னும் கொழுப்பாகவே இருக்கும், கால்சியம் ஏறியிருக்காது. அதனால் ஸ்கோர் 0 வந்தாலும் குழாய் அடைத்திருக்கலாம். 2018 அமெரிக்க வழிகாட்டுதலும் 0 வந்தால் ஸ்டாட்டினைத் தள்ளிப்போடலாம் என்று சொல்லிவிட்டு, சர்க்கரை உள்ளவர், சிகரெட் பிடிப்பவர், குடும்பத்தில் இளவயது இதயநோய் உள்ளவர் ஆகியோரை அதிலிருந்து விலக்கியே வைக்கிறது.

காவிரிக்கரை | 6 மார்ச், மதியம் 1.45

இந்த விலக்கை அந்த ரிப்போர்ட்டின் அடியிலேயே ஒரு வரியாக அச்சிட்டுக் கொடுக்கலாமே.

சிடி அறை | 6 மார்ச், மாலை 6.15

அக்கா சொல்வது சரி. சில ரிப்போர்ட்டில் போடுகிறார்கள், பலவற்றில் இருப்பதில்லை.

சேலத்து அண்ணனுக்கு: ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அகாட்ஸ்டன் எண்ணுக்குப் பக்கத்தில் வால்யூம் என்று கன மி.மீ. கணக்கில் இன்னொரு எண் இருக்கும். இரண்டு ரிப்போர்ட்டிலும் அதைப் பாருங்கள். வால்யூமை 3ஆல் வகுத்தால் தோராயமாக மொத்தப் பரப்பு வரும், ஏனென்றால் இந்த முறை 3 மி.மீ. தடிமனுள்ள படங்களுக்காக வகுத்தது. அகாட்ஸ்டன் எண்ணை அந்தப் பரப்பால் வகுத்தால் உங்கள் பொட்டுகளின் சராசரி அடர்த்தி, 1க்கும் 4க்கும் இடையில் ஓர் எண்ணாக வரும். மெசா குழுவும் இப்படித்தான் அடர்த்தியைக் கணக்கிட்டது. ஒவ்வொரு சாஃப்ட்வேரும் வால்யூமைக் கொஞ்சம் வேறு மாதிரி கணக்கிடும், ஆகவே இரண்டாவது தசமத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேலத்துக்காரன் | 6 மார்ச், இரவு 9.30

கிடைத்துவிட்டது. 2020இல் வால்யூம் 120, 2024இல் 132.

2020: 120ஐ 3ஆல் வகுத்தால் பரப்பு 40. 112ஐ 40ஆல் வகுத்தால் 2.8.
2024: 132ஐ 3ஆல் வகுத்தால் பரப்பு 44. 163ஐ 44ஆல் வகுத்தால் 3.7.

பரப்பு பத்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. அடர்த்தி 2.8இலிருந்து 3.7. அப்படியானால் ஸ்கோரில் ஏறிய 51இல் பெரும்பகுதி இறுகியதால் வந்தது. முன்பிருந்த 2.8 அப்படியே இருந்திருந்தால், 44 பரப்புக்கு 123 தான் வந்திருக்கும்.

மூன்று நாளாகத் தூக்கம் இல்லாமல் இருந்தேன். இதைப் போட்டுப் பார்த்தபோது மனசு லேசானது.

ஓய்வு ஆசிரியர் | 7 மார்ச், காலை 6.10

டாக்டர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ராகிக்கூழை நான் விட வேண்டியதில்லை என்பதில் எனக்கும் சந்தோஷம். ஒரு சந்தேகம். கொழுப்பு மாத்திரை ஏன் கால்சியத்தை ஏற்ற வேண்டும்? மருந்து நல்லது செய்கிறது என்றால் பொட்டு கரையத்தானே வேண்டும்?

நாகர்கோவில் டாக்டர் | 7 மார்ச், இரவு 8.20

ஐயா, கரைய வேண்டியது கொழுப்பு, அது ஓரளவு குறைகிறது. குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் கம்பியை விட்டுப் படிவை அளந்த 8 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. அதிகத் திறன் ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குப் படிவின் மொத்த அளவு குறைந்தது, அதே காலத்தில் கால்சியம் கூடியது. கொழுப்பும் அழற்சியும் வடிந்து அந்த இடம் நாராகவும் சுண்ணாம்பாகவும் இறுகுகிறது. காயம் ஆறித் தழும்பாவது போல என்று நோயாளிகளிடம் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. இதை வைத்து "ஸ்கோர் ஏறினால் நல்லது" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாத்திரை சாப்பிடாதவருக்கு ஏறினால் நோய் வளர்கிறது என்றே பொருள். மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் வால்யூம் மளமளவென்று ஏறினால் யோசிக்க வேண்டும்.

டொரொன்டோ தமிழன் | 8 மார்ச், காலை 4.35

மெசா என்று பேசுவதால் ஒன்று கேட்கிறேன். அவர்கள் இணையத்தில் வைத்திருக்கும் கணிப்பானில் வயது, பால், இனம், ஸ்கோர் போட்டால் உங்கள் வயதுக்காரர்களில் எத்தனையாவது இடம் என்று சதவீதம் வரும். இனத்தில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக், சீனர் என்று நான்கே நான்குதான். நாம் எதை அழுத்துவது? ஒவ்வொன்றுக்கும் விடை வேறாக வருகிறது. சென்டர்கள் ரிப்போர்ட்டில் போட்டுத் தரும் சதவீதம் எதை வைத்துப் போடுகிறார்கள்?

சிடி அறை | 8 மார்ச், மதியம் 3.00

மெசாவில் நம்மவர்கள் கிடையாது, உண்மைதான். 2000 முதல் 2002 வரை ஆள் சேர்த்த ஆய்வு அது, 6,814 பேர், எல்லோரும் அமெரிக்காவில் இருந்தவர்கள். அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களுக்காகப் பிறகு மசாலா என்ற பெயரில் தனி ஆய்வு தொடங்கினார்கள். அதில் நம் ஆண்களுக்குக் கால்சியம் கிட்டத்தட்ட வெள்ளையர் அளவுக்கு இருந்தது. அதனால் பலர் வெள்ளையர் என்பதை அழுத்துகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் குடியேறி வாழும் நம்மவரும் சேலத்தில் இருக்கிறவரும் ஒன்றா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க நினைத்தேன். இரண்டும் வேறு வேறு சென்டர் என்றீர்கள். படங்கள் உள்ள சிடி வட்டு கொடுத்திருப்பார்களே, அதில் `KVP`, `SliceThickness` இரண்டும் என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள். கே.வி. என்பது எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கிற மின்னழுத்தம். குறைந்த கே.வி.யில் எடுத்தால் கால்சியம் தானாகவே கூடுதலாக வெளுக்கும். அதற்கேற்ப 130 என்ற எல்லையை மாற்றாமல் விட்டால் ஸ்கோர் பொய்யாக ஏறும்.

சேலத்துக்காரன் | 9 மார்ச், மாலை 5.40

மகன் வட்டைப் போட்டுப் பார்த்துச் சொன்னான்.

```
2020: KVP 120, SliceThickness 3
2024: KVP 120, SliceThickness 2.5
```

சிடி அறை | 9 மார்ச், இரவு 10.10

கே.வி. ஒன்றுதான், நல்லது. தடிமன் மாறியிருக்கிறது. 2.5 மி.மீ. எடுக்கிற மெஷின்கள் உண்டு, சாஃப்ட்வேர் அதை 3க்குச் சரிக்கட்டித்தான் ஸ்கோர் போடும், எனவே நீங்கள் 3ஆல் வகுத்தது தப்பில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. தடித்த படத்தில் சிறு பொட்டு பக்கத்துச் சதையோடு கலந்து கொஞ்சம் மங்கிவிடும். படம் மெலிந்தால் அந்த மங்கல் குறைந்து உச்சப் பிரகாசம் ஏறும். 390 என்று இருந்தது 400ஐத் தாண்ட அதுவே போதும். ஆகவே உங்கள் 2.8இலிருந்து 3.7க்கான ஏற்றத்தில் எவ்வளவு மாத்திரையால், எவ்வளவு மெஷினால் என்று என்னால் பிரிக்க முடியாது.

சர்க்கம்ஃப்ளெக்ஸ் 6இலிருந்து 14 ஆனதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதயத் துடிப்பில் படம் லேசாக ஆடினாலே அந்தச் சின்ன எண்கள் மாறும். ஒரே நாளில் அதே ஆளை இறக்கி மறுபடி ஏற்றி எடுத்தாலும் சரியாக அதே எண் வராது. அந்தக் குழாய் ஓடுகிற பள்ளத்துக்குப் பக்கத்திலேயே மைட்ரல் வால்வின் வளையம் இருக்கிறது, அங்கே படிந்த சுண்ணாம்பைக் குழாயில் சேர்த்துக் கிளிக் செய்துவிடுகிற தவறும் நடக்கும். ரேடியாலஜிஸ்ட் ஒருவரிடம் இரண்டு வட்டையும் கொடுத்து ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொன்னால் அது தெரிந்துவிடும்.

வளர்ந்ததா என்று பார்க்க ஆராய்ச்சியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வால்யூமின் வர்க்கமூலம் 2.5க்கு மேல் கூடினால்தான் நிஜமான வளர்ச்சி, அதற்குக் கீழே இருந்தால் அளவீட்டுத் தடுமாற்றமாகவே இருக்கலாம். 120க்கு 10.95, 132க்கு 11.49. வித்தியாசம் அரைதான். மெஷின் சந்தேகம் எல்லாம் இருந்தாலும் வால்யூம் பக்கத்தில் பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை.

கொங்கு மாமா | 10 மார்ச், காலை 7.15

அப்போது ஆஞ்சியோ வேண்டாமா?

நாகர்கோவில் டாக்டர் | 10 மார்ச், காலை 9.00

தொந்தரவே இல்லாதவருக்கு இந்த 163ஐ மட்டும் வைத்து ஆஞ்சியோவுக்கு அனுப்ப மாட்டேன். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடது கை வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு என்று ஏதாவது வந்தால் ஸ்கோர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போக வேண்டும்.

ஸ்டாட்டின் தொடங்கியவருக்கு ஸ்கோரைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் சிகிச்சை மாறுவது அபூர்வம். முதல் 112 சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, 100க்கு மேல் என்றால் மாத்திரை. இனி பார்க்க வேண்டியது எல்.டி.எல்., ரத்த அழுத்தம், சர்க்கரை. அப்பா 54 வயதில் போனதால், 66ஐ இன்னும் கீழே கொண்டுபோகலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். லிப்போபுரோட்டீன் ஏ என்று எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகள் உண்டு, அதை இதுவரை பார்த்ததில்லை என்றால் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள், அது பரம்பரையாக வருவது.

சேலத்துக்காரன் | 17 மார்ச், இரவு 8.00

டாக்டர் வந்துவிட்டார், பார்த்தேன். இரண்டு வட்டையும் அவருக்குத் தெரிந்த ரேடியாலஜிஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார். மாத்திரையை மாற்றவில்லை. லிப்போபுரோட்டீன் ஏ எழுதிக் கொடுத்தார், நாளை காலை ரத்தம் கொடுக்கிறேன். தம்பிக்கு 51 வயது, இதுவரை எதுவும் பார்க்காதவன், அவனையும் அழைத்துப் போகிறேன். அவனுக்கு முதல் ஸ்கோர் எடுக்கலாமா, குடும்ப வரலாறு இருப்பதால் அதை விட்டுவிட்டு நேராக மாத்திரையா என்று கேட்டதற்கு, எல்.டி.எல். ரிசல்ட் வரட்டும் என்றார்.

காவிரிக்கரை அக்கா, உங்கள் கணவர் இப்போது எப்படி இருக்கிறார்?

காவிரிக்கரை | 18 மார்ச், காலை 10.30

நன்றாக இருக்கிறார். சிகரெட்டை விட்டாகிவிட்டது. அன்று கொடுத்த அந்த 0 ரிப்போர்ட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் தம்பிக்கு 0 வந்தாலும் குடும்ப வரலாற்றை மறக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.